அண்ணன் நம்பர் எதற்கு?

*பி.காம் முடித்திருக்கிறேன், டேலி தெரியும். தம்பு செட்டித் தெருவில் உள்ள ஒரு கிளியரிங் ஏஜென்ட் கம்பெனிக்கு, ஆள் தேவை என்று விளம்பரம் எதுவும் இல்லாமலே, அவர்கள் வெப்சைட்டில் இருந்த பொது முகவரிக்கு பயோடேட்டா மெயில் பண்ணினேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. மறுபடி கேட்டால் தொல்லை என்று நினைப்பார்களா? போன் வந்தால் வீட்டில் கேள்வி வரும் என்று அண்ணன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன்.*
*— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை*

தொல்லையா இல்லையா என்பது கிடக்கட்டும் அம்மாடி. கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அந்த நம்பரைப் பேசுவோம்.

விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கிற இடத்தில் ஒரு பட்டியல் இருக்கும். நீ போனை எடுக்காவிட்டால் மறுநாளும் கூப்பிடுவார்கள். விளம்பரமே இல்லாத இடத்தில் உன்னைக் கூப்பிட வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. திடீரென்று ஒரு நாள் அங்கே டாக்குமென்டேஷன் பார்க்கிற பெண் நின்றுவிடுவாள். ஷிப்பிங் பில் போட ஆள் வேண்டும், கப்பல் காத்திருக்காது. மேனேஜர் மெயிலைத் துழாவி, கையில் சிக்கிய இரண்டு மூன்று பேருக்குப் போன் போடுவார். யார் முதலில் எடுத்து ஒழுங்காகப் பேசுகிறாரோ அவருக்குத்தான் வேலை.

அந்தப் போன் உன் அண்ணனுக்குப் போகிறது. தெரியாத நம்பர் என்று அவர் விட்டுவிடலாம். எடுத்தால், "என்ன சம்பளம், எத்தனை மணிக்கு விடுவீங்க" என்று அவரே விசாரிப்பார். அவசரத்தில் இருக்கிற மேனேஜர் வைத்துவிட்டு அடுத்த பயோடேட்டாவுக்குப் போய்விடுவார். இந்த மூன்று வாரத்தில் அண்ணன் போனில் 044 என்று தொடங்கும் நம்பரிலிருந்து மிஸ்டு கால் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். இருந்தால், பதில் வரவில்லை என்று நீ சொல்வதே தப்பு.

வீட்டுக்கு மறைத்து வேலை தேடுவது எனக்குப் பிடிக்கவில்லை. தங்கச்சிக்கு வரும் போனை அண்ணன் எடுத்துப் பேசுவதும் பிடிக்கவில்லை. ராத்திரி நேரமானால் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போவது அண்ணன் வேலை. ஆபீஸுக்குப் பதில் சொல்வது உன் வேலை. அப்பா அம்மாவை உட்காரவைத்து, இந்தத் தெருவில் இந்த வேலைக்கு எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, உன் நம்பரைக் கொடு.

நம்பர் மாறியதே மறுபடி எழுத நல்ல காரணம். ஆனால் அதே பொது முகவரிக்கு எழுதாதே; அதைப் பல ஆபீஸில் யாரும் ஒழுங்காகத் திறப்பதில்லை. முதலில் ஆபீஸுக்குப் போன் செய். காலையில் பில் போடுகிற அவசரம் இருக்கும், மதியம் மூன்று மணிக்கு மேல் கூப்பிடு. மாதக் கடைசியும், ஜிஎஸ்டி 3பி கட்டும் 20-ம் தேதியை ஒட்டிய நாட்களும் வேண்டாம். "வேகன்சி இருக்கா" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். "டாக்குமென்டேஷனுக்கு பயோடேட்டா அனுப்பியிருந்தேன், அதை யார் பார்ப்பாங்க, அவங்க மெயில் ஐடி கிடைக்குமா" என்று கேள். இதற்கு இல்லை என்று சொல்ல முடியாது. பெயர் கிடைக்கும்.

அன்றைக்கே அந்தப் பெயருக்கு, முன்பு அனுப்பிய மெயிலையே ஃபார்வேர்ட் செய். பழைய தேதி அடியில் தெரியட்டும். தலைப்பில் வேலை, படிப்பு, ஊர், எப்போது சேரலாம் என்ற நான்கும் இருக்கட்டும். உள்ளே ஐந்து வரி போதும்: என்ன தெரியும், நம்பர் மாறியிருக்கிறது, நேரில் வரத் தயார். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் மண்ணடி, கூப்பிட்ட அன்றே வரலாம் என்று எழுது. தாம்பரத்திலிருந்து எழுதுகிறவரால் அதைச் சொல்ல முடியாது. வட சென்னை முகவரியை ஒளிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பயோடேட்டாவைப் புதிய நம்பரோடு பிடிஎஃப் ஆக மறுபடி இணை. பைல் பெயரில் உன் பெயரும் வேலையும் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் அதுதான் அகப்படும்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு பிரதியை நேரில் கொண்டுபோய், கவரின் மேல் அந்தப் பெயரை எழுதி ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு வா. அதோடு நிறுத்து. வாரத்துக்கு ஒரு போன் போட்டால்தான் தொல்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, புதிதாக ஏதாவது கற்றிருந்தால் மட்டும் இன்னொரு மெயில் போடு.

"இப்போ இல்லை, வைத்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தால் அழாதே. நன்றி சொல்லி, எந்த மாதத்தில் மறுபடி எழுதலாம் என்று ஒரு வரி கேட்டு வை. போனில் சினிமாப் பாட்டு காலர் ட்யூன் இருந்தால் அதையும் எடுத்துவிடு.