கொடை விழா பிளக்ஸ்: முகமும் பெயரும் தெளிவாக விழ

கேள்வி: சென்ற ஆண்டு எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்குப் பத்துக்கு ஆறு அடியில் குடும்பப் படங்களோடு பிளக்ஸ் அடித்தோம். தாத்தாவின் முகம் மங்கிவிட்டது, பெயர்களைச் சாலையிலிருந்து படிக்க முடியவில்லை. கடைக்காரர், "நீங்கள் தந்த படம் அப்படி" என்கிறார். இந்த ஆண்டு பணம் வீணாகாமல் எப்படிச் செய்வது?

பதில்: பாதிப் பிழை படத்தில் இருந்திருக்கலாம். ஆனால் அதை அச்சுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியவர் கடைக்காரர்தான்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப்பக்கம் சுமார் 1,600 புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது. அது ஒரு குழுப்படம் என்றால், அதில் தாத்தாவின் மார்பளவு உருவம் 300 புள்ளி உயரம்கூடத் தேறாது. அதை வெட்டியெடுத்து நான்கு அடி, அதாவது 48 அங்குலம், உயரத்துக்குப் பெரிதாக்கினால் ஓர் அங்குலத்துக்கு ஆறு புள்ளிகளே மிஞ்சும். பதினைந்து இருபது அடி தள்ளி நின்று பார்க்கும் பிளக்ஸுக்கு அங்குலத்துக்கு நாற்பது புள்ளிகளாவது இருந்தால்தான் கண்ணும் மீசையும் பிரிந்து தெரியும். ஆகவே படத்தைக் கைபேசியிலிருந்து 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பழைய பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டுமே இருக்கிறதென்றால், அதைக் கைபேசியில் படம் பிடிக்காமல், கடையில் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஒன்றேமுக்கால் அங்குல உயரமுள்ள அந்தப் படத்திலிருந்து ஏறத்தாழ 1,050 புள்ளிகள் கிடைக்கும். இது இரண்டு அடி உயரத்துக்குத் தாங்கும், நான்கு அடிக்குத் தாங்காது. தாத்தாவைப் பெரிதாக வைக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதே, ஆனாலும் நான்கு அடியில் மங்கிய முகத்தைவிட இரண்டு அடியில் தெளிந்த முகமே அவருக்கு மரியாதை.

புதிதாகப் படம் எடுப்பதானால், வெள்ளை வேட்டி சட்டையோடு வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தாதீர்கள். டிசைனர் பின்னணியை நீக்கும்போது தோளும் சுவரும் கலந்து, தோள் கடித்தெடுத்ததுபோல் ஆகிவிடும். பச்சை அல்லது நீலச் சுவரும் திண்ணை நிழலும் நல்லவை. கைபேசியின் 'போர்ட்ரெய்ட்' வசதியையும் அணைத்துவிடுங்கள். அது காது மடலையும் தலைமுடியின் ஓரத்தையும் மங்கலாக்கிவிடுவதால், வெட்டிய விளிம்பில் பழைய பின்னணியின் நிறம் ஒரு கோடாக ஒட்டிக்கொள்ளும். வெட்டிய உருவங்களை ஒருவர் அருகில் ஒருவராக வைக்கும்போது தலைகளின் அளவு ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேரனின் தலை மாமாவின் தலையைவிடப் பெரிதாகிவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை.

எழுத்துக்குப் பத்து அடித் தொலைவுக்கு ஓர் அங்குல உயரம் என்பது பொதுவான கணக்கு. சாலை ஐம்பது அடி தள்ளியிருந்தால் ஐந்து அங்குலம் ஆகிறது. தமிழில் 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளின் சுழிகள் நெருக்கமானவை என்பதால் ஏழு அங்குலமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து தடித்திருக்க வேண்டும் என்பது உண்மை, ஆனால் மிகத் தடித்த எழுத்துருவில் அந்தச் சுழிகள் அடைபட்டு, 'ண' எது 'ன' எது என்று தெரியாமல் போகும். எழுத்தைச் சுற்றிக் கரை போடும்போதும் அது வெளிப்புறமாக வளர வேண்டும். உள்நோக்கி வளர்ந்தால் எழுத்தையே தின்றுவிடும். கருஞ்சிவப்பில் மஞ்சள் நன்றாகத் தெரியும், நீலத்தில் சிவப்பு கண்ணைக் கூசச் செய்யும். இருபது பேரின் பெயரையும் ஏழு அங்குலத்தில் போட பத்து அடியில் இடம் இராது என்பதால், கோயில் பெயர், நாள், முதன்மையான இரண்டு பெயர்கள் ஆகியவற்றை மட்டும் பெரிதாக்கிவிட்டு, மற்றவற்றை அருகில் வந்து படிப்பவர்களுக்கென விடுங்கள்.

கடைக்காரர் அனுப்பும் மாதிரிப் படத்தைக் கைபேசியில் படுக்கை வாட்டில் திறந்து, திரையை அது முழுமையாக நிரப்பும்படி செய்து, கண்ணிலிருந்து இரண்டரை அடி தள்ளிப் பிடியுங்கள். ஐம்பது அடித் தொலைவில் உங்கள் பத்து அடிப் பிளக்ஸ் ஏறத்தாழ அந்த அளவில்தான் தெரியும். அப்போது படிக்க முடியாத பெயர் சாலையிலும் படிக்க முடியாது. பிறகு பெரிதாக்கி, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நீங்கள் அனுப்பிய யூனிகோட் எழுத்தைப் பல கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறார்கள், அல்லது மீண்டும் தட்டச்சு செய்கிறார்கள். ஒற்றெழுத்தும் ல, ள, ழ வேறுபாடும் பிறழ்வது அங்கேதான்.

நீங்கள் 'ஓகே' என்று எழுதி அனுப்பிய பின் வரும் எழுத்துப்பிழைக்குக் கடை பொறுப்பேற்காது. ஆகவே சரி சொல்லும் அதே செய்தியில், "படங்கள் இந்த அளவில் தெளிவாக விழுமா?" என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அளவும் சதுர அடி விலையும் குறிப்பிட்ட ரசீதும் வாங்குங்கள். இவை இரண்டும் கையில் இருந்தால், மீண்டும் மங்கினால் மறுஅச்சு கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரும் பதியலாம்.