மகளின் ஜெர்மனி மாநாடு: அழைப்புக் கடிதத்தை எப்படிக் கேட்பது?

வணக்கம் அம்மா. ஸ்டுட்கார்ட் நிறுவனத்துக்கு உங்கள் மகள் எழுதிய இரண்டு மின்னஞ்சல்களையும் படித்தேன். இரண்டிலும் ‘விசாவுக்கு அழைப்புக் கடிதம் அனுப்புங்கள்’ என்ற ஒரே வரிதான் இருக்கிறது. மூன்று வாரமாகப் பதில் இல்லை, அவர்களுக்கு விருப்பமில்லையோ என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒரு வரியை வைத்து அவர்களால் கடிதம் எழுத முடியாது. பாஸ்போர்ட் எண் தெரியாது, எந்தத் தேதியில் வருகிறாள் என்று தெரியாது, செலவு யாருடையது என்றும் தெரியாது.

மாநாட்டுக்கான அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டு அவளிடம் பேசிய ஆய்வுப் பிரிவுப் பொறியாளருக்கே மறுபடி எழுதச் சொல்லுங்கள். பொது முகவரிக்குப் போகும் மின்னஞ்சல் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். அவளைத் தெரிந்தவர் கேட்டால்தான் நிர்வாகப் பிரிவு கையெழுத்துப் போடும்.

இந்த முறை, கடிதத்தில் என்னென்ன வரவேண்டுமோ அதை அவளே எழுதிக் கொடுக்கட்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கல்லூரியில் அவள் ஆய்வு மாணவி என்பது, மாநாட்டின் பெயர், இடம், வந்து திரும்பும் தேதிகள். நிறுவனத்தின் கடிதத்தாளில் முகவரியோடு இருக்க வேண்டும். கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, தொலைபேசி எண் தெளிவாக இருக்க வேண்டும். தூதரகம் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், அதனால் அவருக்கும் விவரம் தெரிந்திருக்கட்டும்.

பெயரில் நம் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். மாநாட்டுப் பதிவில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு பெயர். கடிதம் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் எழுதப்பட வேண்டும். முடிந்தால் மாநாட்டுப் பதிவையும் அதே மாதிரி திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது செலவு. விசா மறுக்கப்பட இது ஒரு முக்கியக் காரணம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹோட்டல் வாடகையை நிறுவனம் தருகிறது, விமான டிக்கெட் கல்லூரியின் செலவு, சாப்பாடும் உள்ளூர்ப் பயணமும் உங்கள் பணம் என்று சொன்னீர்கள். கடிதத்தில் அது அப்படியே வரவேண்டும். சில நிறுவனங்கள் பழைய கடிதம் ஒன்றை எடுத்து, ‘எல்லாச் செலவும் எங்களுடையது’ என்ற வரியோடு அனுப்பிவிடும். கல்லூரிக் கடிதமோ டிக்கெட்டைத் தான் தருவதாகச் சொல்லும். இரண்டையும் பார்க்கும் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். பயண நோக்கமும் தங்கும் நிபந்தனைகளும் போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை என்று மறுக்கக்கூடும்.

‘செலவு’ என்றதும் நிறுவனம் தயங்கினால் அதற்கும் காரணம் உண்டு. ஜெர்மனியில் ஒருவரின் தங்கும் செலவு முழுவதற்கும் பொறுப்பேற்கும் உறுதிப்பத்திரம் தனியாக இருக்கிறது. அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் சட்டப்படி எழுதிக் கொடுப்பது அது. அழைப்புக் கடிதம் அதுவல்ல. ‘அந்தப் பத்திரத்தை நான் கேட்கவில்லை, நீங்கள் தரும் ஹோட்டலைப் பற்றி ஒரு வரி போதும்’ என்று அவள் எழுதினால் பலருக்கு அந்தத் தயக்கம் நீங்கிவிடும்.

ஒரு சொல்லில் மட்டும் கவனம் தேவை. மாநாடு முடிந்து ஒருநாள் அவர்களின் ஆய்வகத்தைப் பார்க்கப் போகிறாள் அல்லவா? அதை ‘எங்கள் குழுவுக்கு உதவுவார்’ என்று எழுதிவிட்டால் வேலைக்குப் போவதுபோல் ஆகிவிடும். இந்த விசாவில் வேலை செய்ய முடியாது. ‘ஆய்வகத்தைப் பார்வையிடுவார்’ என்றே இருக்கட்டும்.

இனி தேதிகள். மாநாடு அக்டோபர் 6 முதல் 8 வரை. அவள் 4ஆம் தேதி போய் 10ஆம் தேதி திரும்புகிறாள். அப்படியானால் கடிதத்திலும் 4 முதல் 10 வரை என்றுதான் இருக்க வேண்டும். மாநாட்டு நாட்கள் மட்டும் இருந்தால் மீதி நாட்களுக்கு விளக்கம் கேட்பார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடும் அந்த நாட்கள் முழுவதற்கும் வேண்டும்.

ஜெர்மனி போக அவள் எடுக்கும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு பொதுவாக 15 நாளில் வரும், கூடுதல் விசாரணை இருந்தால் 45 நாள் வரை போகலாம். அக்டோபர் 4இலிருந்து 45 நாள் பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் 20. விசா விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைக்கவும் சில நாட்கள் ஆகலாம். அதனால் ஜூலை முடிவதற்குள் கடிதம் கையில் இருக்க வேண்டும். இப்போது ஜூன்தான், அவசரமில்லை. ஆனாலும் மின்னஞ்சல் இந்த வாரமே போகட்டும். பத்து நாளில் பதில் வரவில்லையென்றால் அதே பொறியாளரைத் தொலைபேசியில் கூப்பிடலாம், தவறில்லை.

கடிதம் வந்ததும், கல்லூரியின் ஆட்சேபணையில்லாக் கடிதம், டிக்கெட் முன்பதிவு, ஹோட்டல் உறுதி ஆகியவற்றோடு எனக்கு ஒருமுறை அனுப்புங்கள். நான்கையும் பக்கத்தில் வைத்து, பெயரும் தேதியும் செலவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன். திருத்தம் தேவைப்பட்டால், விண்ணப்பம் போவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடலாம்.