கார்டில் கோடு விழவில்லை என்றால் மலேரியா இல்லையா?

இந்த முறை வந்த கேள்விகளில் மலேரியா ரேபிட் கார்டு பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். உவரியிலிருந்து வந்த கேள்விக்குப் பதில் நீண்டுவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு நடந்ததை நம் பக்கத்து லேப்காரர்களும் டாக்டர்களும் விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்த இடத்தில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். கார்டு டெஸ்ட் நெகட்டிவ். மறுநாளும் காய்ச்சல் அடிக்கிறது. மலேரியா இல்லை என்று விட்டுவிடலாமா?
– ஒரு தாய், வள்ளியூர்

விட வேண்டாம் அம்மா. கார்டு கிருமியை நேராகப் பார்ப்பதில்லை. கிருமி ரத்தத்தில் விடுகிற ஒரு புரதத்தைத்தான் பிடிக்கிறது. அந்தப் புரதம் போதுமான அளவு இருந்தால்தான் கோடு விழும். பொதுவாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நூறு, இருநூறு கிருமிகளாவது இருக்க வேண்டும். சென்னையில் அதிகம் வருவது வைவாக்ஸ் மலேரியா. அது புதிதாகப் பிறந்த சிவப்பணுக்களுக்குள் மட்டுமே நுழையும் என்பதால், ஆள் நன்றாக நடுங்கிக்கொண்டிருக்கும்போதும் ரத்தத்தில் கிருமி எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். முதல் நாள் கார்டில் எதுவும் தெரியாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இன்றே தடித்த, மெல்லிய ரத்தத் தடவல் இரண்டும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் நெகட்டிவ் என்றால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் திரும்ப எடுக்க வேண்டும், மொத்தம் மூன்று முறையாவது. கூடவே டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் இரண்டையும் டாக்டர் பார்த்துவிடட்டும். நம் ஊர்க் காய்ச்சலில் இவை இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது.

தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். ஜிபூட்டி துறைமுகத்தில் சில நாள் தங்கிவிட்டு வீட்டுக்கு வந்தான். காய்ச்சல். கார்டில் 'சி' கோடும் 'பான்' கோடும் விழுந்தன, 'பி.எஃப்.' கோடு விழவில்லை. "ஃபால்சிபேரம் இல்லை, வைவாக்ஸ்தான்" என்று குளோரோகுயின் கொடுத்தார்கள். மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை, கண் மஞ்சளானது. பெரிய ஆஸ்பத்திரியில் தடவல் பார்த்து ஃபால்சிபேரம் என்று சொல்லி, மருந்தை மாற்றிக் காப்பாற்றினார்கள். 200 வெள்ளணு எண்ணும்போது 210 கிருமி என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. முதலில் பார்த்த லேப் தப்பு செய்ததா?
– உவரி வாசகர்

தம்பி தேறியதில் மிக்க மகிழ்ச்சி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் லேப் கோடுகளைச் சரியாகத்தான் படித்திருக்கிறது. தப்பு, அந்தக் கோடுகளுக்குச் சொன்ன அர்த்தத்தில் இருக்கிறது.

அந்தக் கார்டில் 'சி' தவிர இரண்டு கோடுகள் உண்டு. 'பி.எஃப்.' கோடு எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைப் பிடிக்கும். இதை ஃபால்சிபேரம் மட்டுமே உண்டாக்கும், வைவாக்ஸிடம் கிடையாது. 'பான்' கோடு எல்லா மலேரியாக் கிருமிகளுக்கும் பொதுவான ஒன்றைப் பிடிக்கும். பெரும்பாலான கார்டுகளில் அது எல்.டி.எச். என்ற நொதி. ஆகவே 'பான்' மட்டும் விழுந்தால் "மலேரியா இருக்கிறது, ஃபால்சிபேரம் இல்லை" என்று படிப்பது வழக்கம். நம் பக்கத்தில் தொற்றிய நோயாளிக்கு அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆனால் எச்.ஆர்.பி.2 மரபணுவையே இழந்துவிட்ட ஃபால்சிபேரம் உலகத்தில் இருக்கிறது. அதற்கு அந்தப் புரதத்தை உண்டாக்கத் தெரியாது. எத்தனை கிருமி இருந்தாலும் 'பி.எஃப்.' கோடு விழாது, பொதுக் கோடு மட்டும் விழும், கார்டு வைவாக்ஸ் மாதிரியே தெரியும். முதலில் இதைப் பெரு நாட்டின் அமேசான் பகுதியில் கண்டுபிடித்து 2010இல் வெளியிட்டார்கள். அப்புறம் எரித்ரியாவில் நிலைமை மோசமானது. அங்கே ஒரு மருத்துவமனையில் சோதித்த 26 ஃபால்சிபேரம் நோயாளிகளில் 21 பேருடைய கிருமியில் இந்த மரபணு இல்லை. எரித்ரியாவை ஒட்டியிருக்கும் ஜிபூட்டியிலும் இப்படிப்பட்ட கிருமிதான் பெரும்பான்மை என்று ஆய்வுகள் காட்டின. உங்கள் தம்பி தங்கிய துறைமுகம் எது என்பதை டாக்டர் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

சரி, 'பி.எஃப்.' கோடு விழாததற்கு வேறு காரணம் இருந்திருக்கலாமா? இரண்டைப் பார்த்தாக வேண்டும். ஒன்று, கிருமி குறைவாக இருந்திருக்கலாம். மற்றது, அளவுக்கு மீறி இருந்திருக்கலாம். புரதம் கொட்டிக் கிடந்தால் கார்டிலுள்ள எதிர்ப்புரதங்கள் மூழ்கிப்போய் எச்.ஆர்.பி.2 கோடு மங்கும் அல்லது விழாமலே போகும். இதைப் புரோசோன் விளைவு என்போம். அப்படிச் சந்தேகம் வந்தால் ரத்தத்தைச் சலைனில் பத்து மடங்கு நீர்த்து இன்னொரு கார்டில் விட்டுப் பார்க்க வேண்டும். அப்போது கோடு தெளிவாக விழுந்தால் காரணம் புரோசோன்.

உங்கள் ரிப்போர்ட்டிலுள்ள எண்ணிக்கை இங்கே உதவுகிறது. ஒரு மைக்ரோலிட்டரில் 8,000 வெள்ளணு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். 210ஐ 8,000ஆல் பெருக்கி 200ஆல் வகுத்தால் 8,400 கிருமி. கார்டுக்குத் தேவையான நூறு, இருநூறைவிட இது எத்தனையோ மடங்கு அதிகம். புரோசோன் வருவதோ இதைவிடப் பல மடங்கு கூடுதலான எண்ணிக்கையில். இரண்டு காரணமும் பொருந்தவில்லை. 8,400 கிருமி இருந்தும் கோடு இல்லை, ஆள் வந்ததோ ஜிபூட்டியிலிருந்து என்றால், மரபணு இழப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எச்.ஆர்.பி.3 என்று அதற்கு ஒரு கூடப்பிறப்பும் உண்டு. இரண்டு புரதமும் ஏறக்குறைய ஒரே அச்சு என்பதால், எச்.ஆர்.பி.2 இல்லாவிட்டாலும் கிருமி நிறைய இருந்தால் எச்.ஆர்.பி.3 அதே கோட்டை விழவைத்துவிடும். உங்கள் தம்பிக்கு அதுவும் கைகொடுக்கவில்லை என்பதால், இரண்டையுமே இழந்த கிருமியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இவ்வளவும் சந்தேகம்தான். உறுதி செய்ய பி.சி.ஆர். வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மாதிரி கெட்டிருந்தாலும் எச்.ஆர்.பி.2 வராது. ஆகவே ஃபால்சிபேரத்தின் வேறு மரபணுக்கள் நன்றாக வருகின்றன, எச்.ஆர்.பி.2 மட்டும் வரவில்லை என்று காட்டினால்தான் இழப்பு என்று எழுதலாம். சிகிச்சைக்கு முன் எடுத்த தடவல் ஸ்லைடோ ரத்தமோ ஆஸ்பத்திரியில் மிச்சம் இருந்தால், அதைப் பத்திரப்படுத்தி மாவட்ட மலேரியா அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

லேப்காரர்களுக்கு ஒன்று. வெளியிலிருந்து வந்தவருக்கு 'பான்' மட்டும் விழுந்தால், வைவாக்ஸ் என்று எழுதும் முன் மெல்லிய தடவலைப் பாருங்கள். வைவாக்ஸ் என்றால் அது புகுந்த சிவப்பணு உப்பியிருக்கும், உள்ளே பொடிப் பொடியாகப் புள்ளிகள் தெரியும், கிருமியின் எல்லாப் பருவமும் கண்ணில் படும். ஃபால்சிபேரத்தில் அணு உப்பாது. சிறிய மெல்லிய வளையங்கள்தான் இருக்கும், ஒரே அணுவில் இரண்டு மூன்றுகூட. சில நாள் கழித்துப் பிறை வடிவம் தெரிந்தால் சந்தேகமே இல்லை. ஃபால்சிபேரம் பெரும்பாலான நாடுகளில் குளோரோகுயினுக்கு மசியாது. அதற்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து வேண்டும். இனத்தை மாற்றி எழுதினால் நோயாளி இழக்கும் மூன்று நாள் சிறுநீரகத்தையோ மூளையையோ பாதிக்கலாம்.

எங்கள் யூனிட்டில் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் நிறையப் பேர். காய்ச்சல் வந்தால் பார்க்க எந்தக் கார்டு வாங்கி வைப்பது?
– கங்கைகொண்டான் வாசகர்

வாங்கி வைப்பதைவிட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதே மேல். அங்கே கார்டும் தடவலும் இலவசம். வாங்கத்தான் வேண்டும் என்றால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நம் நாட்டில் அரசு பயன்படுத்திவரும் கார்டில் ஃபால்சிபேரத்துக்கு எச்.ஆர்.பி.2, வைவாக்ஸுக்கு அதற்கே உரிய எல்.டி.எச். என்று இரண்டு கோடு. மரபணு இழந்த ஃபால்சிபேரம் வந்தால் இதில் இரண்டுமே விழாது, சுத்தமாக நெகட்டிவ். ஃபால்சிபேரத்துக்கு எல்.டி.எச். கோடும் உள்ள கார்டு அதைப் பிடிக்கும்.

பயப்பட வேண்டாம், இந்தியாவில் இது இன்னும் குறைவு. மலேரியா அதிகமுள்ள எட்டு மாநிலங்களில் 1,500க்கும் மேற்பட்ட ஃபால்சிபேரம் மாதிரிகளைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 2.4 சதவீதத்தில்தான் எச்.ஆர்.பி.2 மரபணு இல்லை. 5 சதவீதத்தைத் தாண்டினால் நாடு கார்டை மாற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எல்.டி.எச். கோடு எச்.ஆர்.பி.2 அளவுக்குக் கூர்மையானதல்ல, அதனால் தவறவிடுகிறவர்களும் இருப்பார்கள். அந்த நஷ்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்துக்கு மேல் போகும்போதுதான் மாற்றுவது லாபம்.

ஃபால்சிபேரத்துக்கு மாத்திரை முடித்து இருபது நாள். உடம்பு நன்றாக இருக்கிறது. ஆனால் கார்டில் இன்னும் கோடு விழுகிறது.
– அம்பாசமுத்திரம்

எச்.ஆர்.பி.2 கிருமி செத்த பிறகும் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க அந்தக் கோடு உதவாது, தடவல்தான் எடுக்க வேண்டும்.

வெயிலில் வண்டிப் பெட்டியில் கார்டு கொண்டு போகிறோம். 'சி' கோடு விழுந்தால் கார்டு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– கிராம சுகாதாரச் செவிலியர், ராதாபுரம் வட்டாரம்

முடியாது சிஸ்டர். பஃபர் பட்டையில் முழுதாக ஓடியது என்பதற்கு மட்டுமே 'சி' கோடு சாட்சி. ரத்தமே விடாமல் பஃபரை மட்டும் விட்டாலும் அது விழும். சூட்டில் சோதனைக் கோட்டின் எதிர்ப்புரதம் கெட்டுப்போயிருந்தாலும் 'சி' அழகாக விழும். உறையில் எழுதிய அதிகபட்ச வெப்பநிலையைப் பாருங்கள். சில கார்டுக்கு 30 டிகிரி, சிலவற்றுக்கு 40. பங்குனி, சித்திரையில் வண்டிப் பெட்டிக்குள் 40ஐயும் தாண்டும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் ஒரு தெர்மோகோல் பெட்டியில் எடுத்துப் போங்கள். உறையை ரத்தம் எடுக்கும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நிறம் மாறியிருந்தால் அந்தக் கார்டு வேண்டாம்.

கிருமி ஏன் ஒரு மரபணுவைத் தொலைக்கிறது? எல்.டி.எச்.சையும் இப்படித் தொலைத்துவிட்டால்?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

எச்.ஆர்.பி.2 இல்லாமலும் ஃபால்சிபேரம் உயிர் வாழும். ஆய்வகங்களில் பல காலமாக வளர்க்கப்படும் டி.டி.2 என்ற வகையில் அந்த மரபணு கிடையாது, நன்றாகத்தான் பெருகுகிறது. அது இருக்கும் இடம் எட்டாவது குரோமோசோமின் ஓரம், பதிமூன்றாவதின் ஓரத்தில் எச்.ஆர்.பி.3. ஓரங்கள் உடைந்து சேரும்போது தொலைவது எளிது.

தொலைந்த கிருமி பெருகுவதற்குக் கார்டும் ஒரு காரணம். கார்டில் தெரிகிற கிருமிக்கு மருந்து விழுகிறது. தெரியாத கிருமி தப்பித்து அடுத்த கொசுவில் ஏறுகிறது. ஆனால் பெருவில் கார்டு பரவலாவதற்கு முன் எடுத்த மாதிரிகளிலேயே இழப்பு இருந்தது, ஆகவே எல்லாப் பழியையும் கார்டின் மேல் போட முடியாது. நோய் பரவல் குறைவான இடங்களில் ஒருவர் உடம்பில் ஒரே வகைக் கிருமிதான் இருக்கும் என்பதால் இழப்பு சீக்கிரம் வெளிப்படும். பரவல் அதிகமான இடத்தில் மரபணு உள்ள இன்னொரு வகையும் கலந்திருந்து கோட்டை விழவைத்துவிடும்.

எல்.டி.எச். கதை வேறு. சிவப்பணுவுக்குள் கிருமி குளுக்கோஸை உடைத்துச் சக்தி எடுப்பதற்கு அந்த நொதி வேண்டும். அதைத் தொலைத்த கிருமியால் பெருக முடியாது.