ரிட்டையர்டு டீச்சர் சார்ட் படிச்ச கதை

கேள்வி: எங்க அம்மா ரிட்டையர் ஆனவங்க, இப்ப திடீர்னு ஷேர் மார்க்கெட் சார்ட் பார்க்கக் கத்துக்கணும்ங்கறாங்க. இந்த வயசுல தேவையா? சேமிப்பைக் காப்பாத்த அது உதவுமா?

"இந்த வயசுல"ன்னு எழுதிருக்கீங்களே, அதுக்காகவே பதில் எழுதறேன். அனேகமா அம்மா ஃபோன்ல பேங்க் ஆப் போட்டுக் குடுத்ததும் நீங்கதான், பாஸ்வேர்டு வச்சிருக்கறதும் நீங்கதான். எங்க வீட்லயும் அப்படித்தான் இருந்துச்சு.

நான் விருதுநகர் பக்கம் எய்டட் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். 2018ல ரிட்டையர் ஆனேன். வந்த பணத்துல பெரும்பகுதி போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல போட்டாச்சு, அதுல கை வைக்கிறதில்ல, சார்ட்டும் அதுக்குத் தேவையில்ல. மிச்சத்துல 4 லட்சத்த பேங்க்ல இருந்து ஒரு தம்பி வீட்டுக்கே வந்து டீ குடிச்சு பேசி நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுல, அதாவது நாட்டோட 50 பெரிய கம்பெனி ஷேரையும் சேர்த்து வாங்கற ஃபண்டுல, போட வச்சான். அதுக்கப்புறம் ஃபோன் பண்ணா எடுக்கல, வேற பிராஞ்ச் போயிட்டானாம். சரி, நம்ம பணத்த நாமளே பார்ப்போம்னுதான் ஆரம்பிச்சேன்.

பக்கத்து வீட்டுப் பையன் ஃபோன்ல சார்ட் காமிச்சான், பார்த்ததும் பகீர்னுச்சு, ஏதோ மலை உச்சில இருந்து விழுந்த மாதிரி கோடு. அப்புறம் ஓரத்துல இருந்த நம்பரப் பார்த்தா மேல 11,900, கீழ 11,700. மொத்த வித்தியாசமே 2 சதவீதம் கூட இல்ல! ஆப் தானா ஸ்கேல மாத்திக்குது, Y அச்சு பூஜ்யத்துல ஆரம்பிக்கறதே இல்ல. பரீட்சை பேப்பர்ல அளவுத்திட்டம் எழுதலன்னா நான் மார்க் குறைப்பேன், இங்க கோடிக்கணக்கான பேர் அளவுத்திட்டம் பார்க்காமலே பயந்துட்டு விக்கிறாங்க. (பத்தாங்கிளாஸ்ல கிராஃப் 8 மார்க், நிச்சய மார்க்குன்னு பிள்ளைங்கள மனப்பாடமா போட வைக்கச் சொல்லி மேலருந்து நெருக்குவாங்க. அந்தக் கோடு என்ன சொல்லுதுன்னு கேக்க ஒரு பீரியட் கூட விடமாட்டாங்க. இத சொன்னா எனக்குப் பிரஷர் ஏறும், விடுங்க.)

அதனால ஆப்ப மூடிட்டு கிராஃப் நோட்டு வாங்கினேன். மாசக் கடைசி வேலை நாள்ல நிஃப்டி எங்க முடிஞ்சுதோ அந்த ஒரு புள்ளி மட்டும். கூடவே கடைசி 10 மாச முடிவையும் கூட்டி பத்தால வகுத்து இன்னொரு புள்ளி, அதான் மூவிங் ஆவரேஜ். விலை அந்தக் கோட்டுக்கு மேல இருந்தா பணம் ஃபண்டுல இருக்கும், கீழ போச்சுன்னா அடுத்த வேலை நாள் எடுத்து சேவிங்ஸ்ல போட்டுருவேன், திரும்ப மேல வந்தா உள்ள. அவ்ளோதான் என் ரூல். நான் கண்டுபிடிச்சதில்ல, பல வருஷமா உலகம் பூரா இருக்கற பழைய முறை.

மொதல்ல இது என்ன படுத்துச்சுன்னும் சொல்லணும், இல்லன்னா ஏதோ மந்திரம்னு நினைப்பீங்க. 2019 ஜூலை கடைசில நிஃப்டி 11,118, சராசரி 11,194. கீழ. எடுத்துட்டேன். செப்டம்பர் 20ந்தேதி நிர்மலா சீதாராமன் கம்பெனி வரிய குறைச்சதும் ஒரே நாள்ல 5 சதவீதம் ஏறிடுச்சு. மாசக் கடைசில 11,474, சராசரி 11,318. மேல வந்தாச்சு, ரூல் ரூல்தான், வித்தத விட அதிக விலைக்குத் திரும்ப வாங்கினேன். 13 ஆயிரம் சொச்சம் போச்சு. பெங்களூர்ல இருக்கற என் பையன் "டீச்சர் ஃபெயில்"னு ஃபேமிலி குரூப்ல போட்டான். மார்க்கெட் ஒரு பக்கமா போகாம கோட்ட சுத்தி ஆடுச்சுன்னா இந்த முறை இப்படித்தான் கடிக்கும், அதுக்கு மருந்து கிடையாது. அத இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டின மாதிரி எடுத்துக்க முடிஞ்சாதான் இதுல இறங்கணும்.

அடுத்து 2020 பிப்ரவரி. ஜனவரி முடிவு 11,962, கோட்டுக்கு நல்லா மேலதான். பிப்ரவரி 28 வெள்ளிக்கிழமை 11,201ல முடிஞ்சுது. நைட்டு சாப்பிட்டுட்டு கூட்டினேன், மே 2019ல இருந்து பத்து மாசம், கூட்டுத்தொகை 1,16,589, சராசரி 11,659. கீழ, அதுவும் 450 பாயிண்டுக்கு மேல. கூட்டல் தப்பான்னு வீட்டுக்காரர விட்டு இன்னொரு தடவ போட வச்சேன், அதே வந்துச்சு. திங்கக்கிழமை காலைல பணத்த வெளிய எடுக்க ரிடீம் போட்டா ஓடிபி பையன் நம்பருக்குப் போகுது, ஏன்னா அக்கவுண்ட் தொறக்கும்போது அவன் நம்பரத்தான் குடுத்திருந்தாங்க. அவன் மீட்டிங்ல இருந்து வந்து "அம்மா, டிவில எல்லாரும் விலை இறங்கும்போது வாங்குங்கறாங்க, நீ விக்கிறேங்கற, போன தடவையே பார்த்தோமே"ன்னு ஒரே சண்டை. கடைசில அன்னிக்கு விலைக்கே விக்கறதுக்கான கட் ஆஃப் டைமுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நம்பர சொன்னான். 4 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ கைக்கு வந்துச்சு.

மார்ச் கடைசில நிஃப்டி 8,598. விட்டிருந்தா 3 லட்சத்துச் சொச்சம்.

இப்ப கமெண்ட்ல ஒருத்தர் கண்டிப்பா வருவார், "மேடம், ஜூலைல 11,073க்கு வந்துடுச்சே, சும்மா இருந்திருந்தாலும் அதே பணம்தானே"ன்னு. கரெக்ட் சார். ஜூலை முடிவுல சராசரி 10,868, என் ரூலும் அப்பதான் உள்ள போகச் சொல்லுச்சு. 11,201க்கு வெளிய, 11,073க்கு உள்ள, லாபம்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல. சும்மா இருக்க முடிஞ்சவங்களுக்கு சும்மா இருக்கறதே போதும், 2021 அக்டோபர்ல 18,000 தாண்டிடுச்சு. ஆனா ஜூன்ல எங்க வீட்டுக்காரர ஆஸ்பத்திரில சேர்த்தோம், ஒன்றரை லட்சம் கட்டச் சொன்னாங்க. அந்தப் பணம் ஃபண்டுல இருந்திருந்தா 9,600லயோ 10,000லயோ வித்துதான் கட்டிருப்பேன், அப்படி வித்த யூனிட்டு அப்புறம் மார்க்கெட் எவ்ளோ ஏறினாலும் நமக்குத் திரும்ப வராது. முப்பது வயசுக்காரங்க காத்திருக்கலாம், சம்பளம் வரும். எனக்கு பென்ஷன் மட்டும்தான்.

ஒண்ணு மட்டும் அம்மாகிட்ட அழுத்தி சொல்லுங்க. இந்தக் கோடு இண்டெக்ஸ் ஃபண்டுக்குத்தான், தனி ஷேருக்கு நம்பவே கூடாது. என் கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தங்க வாட்ஸ்அப் டிப்னு ஒரு சின்னக் கம்பெனி ஷேர் காமிச்சாங்க. மாசக் கணக்கா தரையோட தரையா கிடந்த கோடு, அப்புறம் தினமும் ஒரே அளவுல படி படியா ஏறுது. கிட்ட பெருசு பண்ணிப் பார்த்தா, ஒரு நாள் விலையக் காட்டற கேண்டிலுக்கு உடம்பே இல்ல, வெறும் சின்ன கோடு. அன்னிக்கு ஆரம்பிச்ச விலை, அதிக விலை, குறைஞ்ச விலை, முடிஞ்ச விலை நாலும் ஒண்ணு. அதாவது காலைல அப்பர் சர்க்யூட்ல, அதாவது ஒரு நாள்ல ஏற விடற உச்ச விலைல, பூட்டினா சாயங்காலம் வரை அங்கயே, கீழ எத்தன ஷேர் கை மாறுச்சுன்னு காட்டற வால்யூம் பட்டையும் இருக்கா இல்லையான்னு தெரியாத அளவு. இது இதே மாதிரி கீழயும் பூட்டும், அப்ப சராசரிக் கோடு "வெளிய வா"ன்னு சொன்னாலும் வாங்க ஆள் இருக்காது. நான் வேண்டாம்னுட்டேன், அவங்க போட்டாங்க. நெலம என்னாச்சுன்னு இப்ப அவங்க பேசறதில்ல.

உங்க கேள்விக்கு வர்றேன். அம்மா கத்துக்கட்டும். கேண்டில், பேட்டர்ன், பத்தாயிரம் ரூபா ஆன்லைன் கோர்ஸ் எதுவும் வேணாம், கிராஃப் நோட்டும் மாசத்துல ஒரு சாயங்காலமும் போதும். எடுத்த பணத்துக்கு சீக்கிரம் எடுத்தா ஃபண்டு பிடிக்கற எக்ஸிட் லோடு, டாக்ஸ் இருக்கான்னு முன்னாடியே பார்த்து வச்சுக்கச் சொல்லுங்க. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அடுத்த தடவ ஊருக்குப் போகும்போது பேங்க்லயும் ஃபண்டுலயும் அவங்க சொந்த மொபைல் நம்பர ரிஜிஸ்டர் பண்ணிக் குடுங்க, ஓடிபி அவங்களுக்கே வரட்டும்.