P-யா, C-யா என்று தேடாதீர்கள். ஆட்களை ஒவ்வொருவராக உட்கார வையுங்கள்

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். உட்காரும் கணக்கு வந்தால் nPr போடுவதா nCr போடுவதா என்று குழம்புகிறேன். அதிலும் 'அருகருகே அமரக் கூடாது' என்று வந்துவிட்டால் விடை தவறாமல் தப்பாகிறது. எளிதாகக் கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

'வரிசை என்று வந்தால் P, தேர்வு என்று வந்தால் C' என்று யாரோ சொல்லிக்கொடுத்து, அதை நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருப்பீர்கள். முதலில் அந்த வரியை அடித்துவிடுங்கள். மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வரியோடுதான் வருகிறார்கள். பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதைவிட அதை மறக்கடிப்பதுதான் எனக்குப் பெரும்பாடு.

ஒரே கணக்கை எடுத்துக்கொள்வோம். 4 ஆண்கள், 3 பெண்கள், ஒரே வரிசையில் 7 இருக்கைகள். எந்த இரு பெண்களும் அருகருகே அமரக் கூடாது. எத்தனை வழிகளில் உட்கார வைக்கலாம்?

நிபந்தனையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு வெறுமனே உட்கார வைத்துப் பாருங்கள். முதல் இருக்கைக்கு 7 பேரில் யாரையும் அழைக்கலாம். யாரை அழைத்தாலும் இரண்டாவது இருக்கைக்கு 6 பேர் மிச்சம். ஆக முதல் இரண்டு இருக்கைகளை 7 × 6 = 42 விதமாக நிரப்பலாம். இப்படியே கடைசி வரை போனால் 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1 = 5040. இதைத்தான் 7! என்று எழுதுகிறோம். இருக்கை மூன்றே என்றால் 7 × 6 × 5 = 210 என்று நின்றுவிடும்; அதற்குப் பெயர் 7P3. அந்த மூன்று இருக்கைகளுக்கு யார் யார் வந்தார்கள் என்பது மட்டும் போதும், யார் எங்கே உட்கார்ந்தார் என்பது வேண்டாம் என்றால், ஒவ்வொரு மூவரும் அந்த 210-இல் 3! = 6 முறை வந்திருப்பார்கள். 6-ஆல் வகுத்தால் 35. அதுதான் 7C3. எனவே வரிசைமாற்றமும் சேர்வும் இரண்டு தனித்தனி உலகங்கள் அல்ல. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது சேர்வு. தேர்ந்தெடுத்தவர்களை உட்காரவும் வைத்துவிட்டால் வரிசைமாற்றம். சந்தேகம் வந்தால் இருவரை இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றியதைப் புதிய அமைப்பாக எண்ண வேண்டும் என்றால் இருக்கை கணக்கில் இருக்கிறது என்று பொருள்.

இது பாடநூலுக்காக யாரோ புதிதாகச் செய்த சங்கதி அல்ல. 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில், திருமாலின் நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரை ஆகியவற்றை மாற்றி மாற்றி வைத்தால் எத்தனை வடிவங்கள் வரும் என்ற கணக்கு இருக்கிறது. விடை 4! = 24. கைகள்தாம் இருக்கைகள். கேசவன், நாராயணன் என்று தொடங்கும் 24 மூர்த்தங்களைக் கோயில் சிற்பங்களில் பிரித்து அறிவதும் எந்தக் கையில் எது என்பதை வைத்துத்தான்.

இப்போது நிபந்தனைக்கு வருவோம். பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. முன்போலவே முதல் இருக்கையிலிருந்து தொடங்குங்கள். முதல் இருக்கைக்கு 7 வழிகள். இரண்டாவது இருக்கைக்கு? முதலில் உட்கார்ந்தவர் ஆண் என்றால் மீதி 6 பேரும் தகுதியானவர்கள். பெண் என்றால் 4 ஆண்கள் மட்டுமே. 6-ஆ, 4-ஆ? எதைப் பெருக்குவது? எதையும் பெருக்க முடியாது. முந்தைய படியில் என்ன செய்திருந்தாலும் அடுத்த படியில் உள்ள வழிகளின் எண்ணிக்கை மாறாமல் இருந்தால்தான் பெருக்கல் விதி செல்லும். இந்த வரம்பைப் பல இடங்களில் சொல்லிக்கொடுப்பதே இல்லை. பெருக்கு, பெருக்கு என்று மட்டும் சொல்கிறார்கள்.

எண்ணிக்கை மாறுகிறது என்றால், உட்கார வைக்கும் ஒழுங்கை மாற்றுங்கள். நிபந்தனை இல்லாதவர்கள் முதலில் உட்காரட்டும். 4 ஆண்களையும் 4! = 24 விதமாக வரிசையில் நிறுத்தலாம். அவர்களுக்கு இடையிலும் இரு ஓரங்களிலும் சேர்த்து 5 இடைவெளிகள் கிடைக்கும்:

_ ஆ _ ஆ _ ஆ _ ஆ _

ஒரு இடைவெளிக்கு ஒரு பெண் மட்டுமே. முதல் பெண்ணுக்கு 5 இடைவெளிகள். அவர் எதை எடுத்தாலும் அடுத்தவருக்கு 4, அதற்கடுத்தவருக்கு 3. எண்ணிக்கை இப்போது யாரைப் பொறுத்தும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். 5 × 4 × 3 = 60. ஆக 24 × 60 = 1440. இங்கே P-யா, C-யா? இரண்டுமே எழுதலாம். 5P3 = 60 என்று ஒரே வீச்சில் எழுதலாம்; அல்லது 5C3 = 10 விதமாக இடைவெளிகளைத் தேர்ந்தெடுத்து, 3! = 6 விதமாகப் பெண்களை அவற்றில் உட்கார வைக்கலாம். விடை ஒன்றுதான்.

இந்தக் கேள்விக்கு நான் இத்தனை விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் படித்த ஒரு பெண் பள்ளித் தேர்வில் இதே கணக்குக்கு 1440 என்று படிப்படியாக எழுதியிருந்தாள். விடைத்தாளில் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் 4320. ஐந்து மதிப்பெண்ணும் போயிற்று. அழுதுகொண்டே வந்து தாளை நீட்டினாள். 4320 எங்கிருந்து வந்தது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மூன்று பெண்களையும் ஒரே கட்டாகக் கட்டி, 4 ஆண்களோடு சேர்த்து 5 பொருள்களாக எண்ணி 5! = 120; கட்டுக்குள் 3! = 6; பெருக்கினால் 720. மொத்தம் 5040-இல் அதைக் கழித்தால் 4320.

பெற்றோரின் சம்மதத்தோடு அந்தப் பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். "விடைக்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது சார்" என்றார். நான் வாதாடவில்லை. ஒரு தாளில் இப்படி எழுதினேன்:

பெ பெ ஆ பெ ஆ ஆ ஆ

"இந்த அமைப்பு உங்கள் 4320-இல் இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டேன். மூன்று பெண்களும் ஒன்றாக இல்லை. எனவே 720-இல் சேராது, 4320-இல்தான் இருக்க வேண்டும். ஆனால் முதல் இரு பெண்கள் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இப்படி இருவர் மட்டும் சேர்ந்திருக்கும் அமைப்புகளை இருவரும் சேர்ந்தே எண்ணினோம். சேர்ந்து உட்காரும் இரு பெண்களை வரிசையோடு தேர்ந்தெடுக்க 3 × 2 = 6 வழிகள். அந்த இணைக்கு 5 இடைவெளிகள், தனியாக நிற்கும் பெண்ணுக்கு மீதி 4. ஆண்களுக்கு 24. பெருக்கினால் 6 × 5 × 4 × 24 = 2880. 1440 + 2880 + 720 = 5040. ஒன்றுகூட மிஞ்சவில்லை, குறையவில்லை. அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் திரும்பக் கிடைத்தது. வகுப்பில் 1440 எழுதிய மற்றவர்களின் தாள்களையும் அவர் திருத்தினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

கழிக்கும் வழி ஏன் இவ்வளவு பேரை ஏமாற்றுகிறது என்றால், பெண்கள் இருவராக இருக்கும்போது அது சரியாக வேலை செய்கிறது. 2 ஆண்கள், 2 பெண்கள் என்று வையுங்கள். மொத்தம் 24, சேர்ந்து அமர்வது 3! × 2! = 12; கழித்தால் 12. இடைவெளி வழியிலும் 2! × 3 × 2 = 12. இருவர் என்றால் சேர்ந்திருப்பார்கள் அல்லது பிரிந்திருப்பார்கள். நடுவில் வேறு நிலை இல்லை. மூவர் ஆனதும் 'இருவர் சேர்ந்து, ஒருவர் தனியாக' என்ற நிலை முளைத்துவிடுகிறது. 'மூன்று பெண்களும் ஒன்றாக அமரக் கூடாது' என்று கேட்டிருந்தால் 4320 தான் சரியான விடை. கேள்வியில் 'எந்த இருவரும்' என்றிருக்கிறதா, 'மூவரும்' என்றிருக்கிறதா என்று விரலை வைத்துப் படியுங்கள்.

'நுழைவுத் தேர்வில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது, ஆளை உட்கார வைத்துக்கொண்டிருக்க முடியுமா?' என்று கீழே சிலர் எழுதுவார்கள், தெரியும். நான் குறுக்குவழிகளுக்கு எதிரி அல்ல. கோடு போட்டு இடைவெளி வரைய பத்து விநாடி ஆகும்; தப்பான சூத்திரத்தை வேகமாகப் போட்டு என்ன பயன்? இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஆண்டு விழா ஒத்திகை வந்தால் முதலில் பறிபோவது கணக்குப் பாடவேளை; விளையாட்டு விழாவுக்கும் அதே. பிறகு கடைசி மாதத்தில் ஒரு அத்தியாயத்தை இரண்டே வகுப்பில் ஓட்டிவிட்டு, பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்று பெற்றோரிடம் புகார் சொல்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

வட்ட மேசையைப் பற்றியும் கேட்பீர்கள். இருக்கைகளுக்கு எண் இல்லாத வட்டத்தில் எல்லோரும் ஒரு இடம் நகர்ந்தால் அது புதிய அமைப்பு அல்ல. அதனால் ஒருவரை அசையாமல் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை எண்ணுங்கள். 4 ஆண்கள் 3! = 6 விதமாக அமர்வார்கள். வட்டத்தில் ஓரம் கிடையாது, எனவே இடைவெளிகள் 4 மட்டுமே. பெண்களுக்கு 4 × 3 × 2 = 24. மொத்தம் 144. இருக்கைகளில் 1 முதல் 7 வரை எண் ஒட்டியிருந்தால் நகர்வதும் புதிய அமைப்பாகிவிடும். 7-ஆல் பெருக்கி 1008 என்று எழுத வேண்டும். சூத்திரம் தானாக (n−1)! என்று வரும் என நம்பி, இருக்கைக்கு எண் உண்டா என்று பார்க்காமல் போடாதீர்கள்.

இனி நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள்: 5 ஆண்கள், 3 பெண்கள், 8 இருக்கைகள் ஒரே வரிசையில், எந்த இரு பெண்களும் அருகருகே கூடாது. 14400 வந்தால் சரி. 2400 வந்தால், 6 இடைவெளிகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்ததோடு நிறுத்திவிட்டீர்கள்; பெண்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள், அவர்களை 3! விதமாக உட்கார வையுங்கள். 36000 வந்தால் கட்டுக் கட்டிக் கழித்திருக்கிறீர்கள். இருவர் சேர்ந்து அமரும் அமைப்புகள் உள்ளேயே இருக்கின்றன, 21600. வேறு ஏதாவது எண் வந்தால் படிகளோடு கீழே எழுதுங்கள், எங்கே நழுவியது என்று பார்த்துச் சொல்கிறேன்.