பரிந்துரைக் கடிதத்தில் எந்தச் சொல் பலவீனம்?

"அமெரிக்காவில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவிக்கு டிலிஜென்ட், மெட்டிகுலஸ், ரிலையபிள் என்று மனதாரப் பாராட்டி எழுதினேன். கடிதம் பலவீனம் என்கிறார் சக ஆசிரியர். எந்தச் சொல் இடிக்கிறது?"

டிலிஜென்ட்தான். அது உழைப்பை மட்டும் சொல்கிறது, விளைவைச் சொல்வதில்லை. முதல் வரியிலேயே அது வந்தால், 'திறமையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை போலும்' என்று தேர்வுக் குழு நினைக்கக்கூடும். ரிலையபிள் வேலைக்கான கடிதத்தில் நல்ல எடை பெறும். ஆய்வுப் படிப்புக்கோ 'சொன்னதைச் செய்வார்' என்ற அளவில் நின்றுவிடும். மூன்றில் வலுவானது மெட்டிகுலஸ், ஆனால் சான்று இல்லாவிட்டால் அதுவும் வெறும் அலங்காரம்.

நம் மொழியில் 'கடும் உழைப்பாளி' உயர்ந்த பாராட்டு. அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு பாராட்டுச் சொல்லையும் அடித்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். எதுவும் மிஞ்சவில்லையென்றால் அங்கே ஒரு நிகழ்ச்சி வேண்டும். 'மெட்டிகுலஸான மாணவி' என்பதற்குப் பதில், 'மூன்று மாத அளவீடுகளை மறுபடி சரிபார்த்து, தராசு பிழையாக அளவிடுவதை அவரே கண்டுபிடித்தார். அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தோம்' என்று எழுதலாம். அதன் பிறகு மெட்டிகுலஸ் என்ற சொல் வந்தால் நம்புவார்கள்.

பலவீனம் என்று பயந்து பிரில்லியன்ட், எக்ஸெப்ஷனல் என்று மாற்றிவிடாதீர்கள். நீங்கள் நேரில் பார்க்காததை எழுதினால் மாணவிக்குத்தான் கேடு. ஆய்வக உதவியாளர் வேலைக்கென்றால் ரிலையபிள் அப்படியே இருக்கட்டும். அங்கே தேடுவதே அதைத்தான்.