பதினெட்டில் பதினான்கு முதல் கட்டத்தில்

பதிப்பகத் தொகுப்பாளர்: இந்த வாரம் 18 வேலைகள். அவசரமா, முக்கியமா என்ற இரண்டு கேள்விகளை வைத்து நான்கு கட்டங்களில் பிரித்தால் 14 வேலைகள் முதல் கட்டமான ‘அவசரம், முக்கியம்’ கட்டத்திலேயே விழுகின்றன. பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பார்த்தேன். தேதி போட்ட வேலை எல்லாவற்றுக்கும் ‘முக்கியம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே மூச்சில் முடிவு செய்தால் அப்படித்தான் ஆகும். தேதி நம்மை மிரட்டி முக்கியத்தையும் வாங்கிக்கொள்ளும்.

தேதிகளை மறைத்துவிட்டு ஒன்றை மட்டும் கேளுங்கள்: இதைச் செய்யவே இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து யாருக்காவது உறைக்குமா? உங்கள் பட்டியலில் எனக்கு ஏழுதான் தேறின. பிறகு அந்த ஏழுக்கு மட்டும் தேதியைத் திறந்து, வெள்ளிக்குப் பதில் அடுத்த புதனன்று முடிந்தால் என்ன கெடும் என்று பாருங்கள். அச்சுக்குப் போகும் இறுதி மெய்ப்பு, காலாவதியாகும் உரிமை ஒப்பந்தம், சம்பளப் பட்டியல் ஆகிய மூன்றும் கெடும். முதல் கட்டம் அவ்வளவுதான். அடுத்த ஆண்டு நூல் பட்டியல், புதிய உதவியாளருக்குப் பயிற்சி உள்ளிட்ட நான்கு, முக்கியம் ஆனால் அவசரமில்லை என்ற இரண்டாம் கட்டத்துக்குப் போகும். மிச்சம் பதினொன்றில் தேதி உள்ள எட்டு, அவசரம் ஆனால் முக்கியமில்லை என்ற மூன்றாம் கட்டம்; மூன்று, யாரும் தேடாதவை, இரண்டும் இல்லாத நான்காம் கட்டம்.

ஓர் எச்சரிக்கை. இரண்டாம் கட்டத்து வேலைக்குக் கிழமையும் மணியும் குறிக்காவிட்டால் அது நான்காம் கட்டத்து வேலைதான். ‘நூல் பட்டியல், செவ்வாய் 9 முதல் 10.30’ என்று எழுதுங்கள்.

தனியாக மொழிபெயர்ப்பவர்: மூன்றாம் கட்டத்தைப் ‘பிறரிடம் ஒப்படை’ என்கிறார்கள். என்னிடம் யாரும் இல்லையே?

அந்த அறிவுரை கீழே ஆள் வைத்திருப்பவர்களுக்கானது. தனியாளுக்கு வேறு வழி: வேலையைச் சிறிதாக்குவது. ‘உடனே பதில் தேவை’ என்று வரும் கடிதங்களை மாலையில் ஒரே முக்கால் மணி நேரத்தில் சேர்த்து வையுங்கள். இரண்டு பக்க விளக்கம் கேட்டால் நான்கு வரி அனுப்புங்கள். போதவில்லையென்றால் அவர்களே மறுபடி கேட்பார்கள்; பெரும்பாலும் கேட்பதில்லை.

ஒருவர்: இதற்கு எந்தச் செயலி நல்லது?

ஒரு தாள், ஒரு பென்சில்.

மாணவர்: கட்டங்களுக்கு எந்த நிறம்? கைப்பேசியில் செயலி உண்டா?

மேலே பார்க்கவும். நிறம் உங்கள் விருப்பம். இரண்டாம் கட்டத்துக்கு மணி குறித்தீர்களா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஐசனோவர் போர்க்களத்தில் வரைந்த கட்டம்தானே இது?

பெயர் சரி, போர்க்களம் சரியில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1954 ஆகஸ்டில், எவன்ஸ்டன் நகரில் ஆற்றிய உரையில், அவசரமானவை முக்கியமல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமல்ல என்ற கருத்தைச் சொன்னார். அதையும் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவரின் வாக்காகவே சொன்னார். நான்கு கட்டம் பிற்கால மேலாண்மை நூல்கள் பரப்பியது.

பொறியாளர்: அப்படியானால் அந்தக் கூற்றுப்படி முதல் கட்டமே காலியாக இருக்க வேண்டுமே!

சரியான இடத்தில் கையை வைத்தீர்கள். ஆம், கூற்றும் கட்டமும் ஒத்துப்போகவில்லை. கூற்றை நான் மிகைப்படுத்திய பேச்சாகவே எடுத்துக்கொள்கிறேன்.

செவிலியர்: காலியா? என் பணிநேரம் முழுவதும் முதல் கட்டம்தான். நோயாளிக்கு மூச்சுத் திணறினால் எந்தக் கட்டத்தில் எழுதுவது, ஐயா?

எழுதவே வேண்டாம், அம்மா. வந்து விழும் வேலைக்கு இந்தக் கட்டம் உதவாது. அங்கே யாரை முதலில் பார்ப்பது என்பதற்கு உங்கள் துறையிலேயே முறை இருக்கிறது. நாமே தேர்ந்தெடுக்கக்கூடிய வேலை இருந்தால்தான் இது பயன்படும்.

பொறியாளர்: மருத்துவமனையை விடுங்கள். அலுவலகத்தில் முதல் கட்ட வேலை எல்லாம் போன மாதம் தள்ளிப்போட்ட இரண்டாம் கட்ட வேலைதான்.

பாதி உண்மை. அந்தத் தொகுப்பாளரின் ஒப்பந்தம் அப்படிப்பட்டது. முடியும் நாள் முன்பே தெரியும். சம்பளப் பட்டியல் அப்படியல்ல. வருகைக் கணக்கு முடிந்தால்தான் தொடங்கவே முடியும். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு முதல் கட்ட வேலைக்கும் எதிரே ‘எப்போது தொடங்கியிருக்கலாம்?’ என்று எழுதிப் பாருங்கள்.

பொறியாளர்: சம்பளப் பட்டியலையும் தானியங்கியாக்கியிருக்கலாம். அதுவும் தள்ளிப்போட்டதுதான்.

இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை.

இன்னொருவர்: நல்ல செயலி ஏதாவது சொல்லுங்களேன்.

இல்லை.

பதிப்பகத் தொகுப்பாளர்: செவ்வாய் 9 மணிக்கு உட்கார்ந்தேன். 9.10க்கு அவசரக் கூட்டம் என்று அழைத்துவிட்டார்கள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை அழித்தீர்களா, நகர்த்தினீர்களா? நகர்த்தியிருந்தால், எந்தக் கிழமை, எத்தனை மணி?